சோதனை சொல்வதும் அம்மா சொல்வதும்

ஒன்பது வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக உருவாக்கிய ஆள்தான், ஆனால் குழந்தைகளைப் பரிசோதிக்கும் உளவியலாளர்களுக்கு இவன் பழகிய முகம். நான்காம் வகுப்பு படிக்கிறான். கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் வீட்டுப்பாட நோட்டைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வருவான். "பையை எடுத்து வை, பாட்டில்ல தண்ணி பிடி, ஷூவைப் போடு" என்று அம்மா ஒரே மூச்சில் சொன்னால், பையை எடுத்து வைத்ததோடு நின்றுவிடுவான். மறுநாள் தர வேண்டிய வரைபடம் அவனுக்கு நினைவுக்கு வருவது இரவு ஒன்பதரை மணிக்கு.

பெற்றோர் அவனை உளவியலாளரிடம் அழைத்துப் போகிறார்கள். சில நாள் கழித்து அறிக்கை வருகிறது. முதல் பக்கத்தில், அவனை உட்காரவைத்து நடத்திய சோதனைகளின் முடிவுகள்: நினைவாற்றல் சராசரி, தன்னை அடக்கிக்கொள்ளும் திறன் சராசரி, திட்டமிடுதல் சராசரி. இரண்டாம் பக்கத்தில், அம்மாவும் ஆசிரியையும் நிரப்பித் தந்த படிவங்களின் முடிவுகள். அதே நினைவாற்றலிலும் அதே திட்டமிடுதலிலும் அம்மா தந்த மதிப்பெண் கவலைக்குரிய எல்லையைத் தாண்டி நிற்கிறது. ஆசிரியை தந்தது எல்லையைத் தொட்டு நிற்கிறது.

பெற்றோர் கேட்பது ஒரே கேள்வி: இதில் எது சரி? சோதனை சரி என்றால் பையனுக்கு ஒன்றுமில்லை, அம்மாதான் மிகைப்படுத்துகிறார். படிவம் சரி என்றால் சோதனைக்குச் செலவழித்த நேரமும் பணமும் வீண். கேள்வி நியாயமானதாகத் தோன்றுகிறது. ஆனால் இரண்டும் ஒரே பொருளை அளக்கின்றன என்று வைத்துக்கொண்டால்தான் அப்படிக் கேட்க முடியும்.

அறைக்குள் நடப்பது

ஒரு நோக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, இடையில் வரும் ஆசைகளை அடக்கி, தேவைப்பட்டால் வழியை மாற்றி, வேலையை முடித்துவைக்கும் மனத்திறன்களை எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்கிறார்கள் உளவியலாளர்கள். செயலாட்சித் திறன் என்று சொல்லலாம். அதை நேரடியாகச் சோதிக்கப் பல வழிகள் உண்டு. மூன்றைப் பார்த்தால் போதும்.

முதலாவது எண் வரிசை. உளவியலாளர் நொடிக்கு ஒன்றாக "7, 2, 9, 4" என்று சொல்வார். குழந்தை அதைப் பின்னாலிருந்து "4, 9, 2, 7" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். வரிசை ஒவ்வொன்றாக நீளும். தகவலை மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டே அதை மாற்றியமைக்கும் செயல்நினைவை இது அளக்கிறது. இரண்டாவது, ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட சோதனை. 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் அச்சிடப்பட்டிருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். படிக்கத் துடிக்கும் நாக்கை அடக்க எவ்வளவு கூடுதல் நேரம் பிடிக்கிறது என்பதே கணக்கு. மூன்றாவது, டிம் ஷாலிஸ் 1982-இல் அறிமுகப்படுத்திய லண்டன் கோபுரம். மூன்று கம்பிகளில் வண்ணப் பந்துகள் செருகப்பட்டிருக்கும். படத்தில் காட்டியபடி அவற்றை மிகக் குறைந்த நகர்த்தல்களில் மாற்றி அடுக்க வேண்டும்.

படிவத்தின் வழி வேறு. உலகெங்கும் அதிகம் புழங்கும் படிவங்களில் ஒன்று 'பிரீஃப்'. ஜெரார்ட் ஜியோயாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்டது. முதல் பதிப்பில் 86 கூற்றுகள் இருந்தன. 2015-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவை 63 ஆகக் குறைந்தன. சொன்ன வேலையைப் பாதியில் மறக்கிறானா, தானாக வேலையைத் தொடங்குகிறானா, எழுதியதைச் சரிபார்க்கிறானா என்ற வகையில் அன்றாட நடத்தைகளைப் பற்றியவை அவை. கடந்த ஆறு மாதத்தை நினைத்துப் பார்த்து 'ஒருபோதும் இல்லை', 'சில சமயம்', 'அடிக்கடி' என்ற மூன்றில் ஒன்றைப் பெற்றோரும் ஆசிரியரும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். விடைகளைக் கூட்டி, அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டு, டி-மதிப்பெண்ணாக மாற்றுவார்கள். அதில் 50 என்பது சராசரி. எண் கூடக் கூடச் சிக்கல் அதிகம். 65-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய நிலை.

286 ஒப்பீடுகள்

இரண்டின் தலைப்பிலும் ஒரே பெயர்கள் இருப்பதால் முடிவுகளும் ஒத்துப்போகும் என்றே பலர் எதிர்பார்த்தார்கள். அந்த எதிர்பார்ப்பைக் கணக்கில் வைத்துப் பார்த்தவர் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேகி டோப்லக். ரிச்சர்ட் வெஸ்ட், கீத் ஸ்டானோவிச் ஆகியோருடன் சேர்ந்து, சோதனை, படிவம் இரண்டையும் ஒரே ஆட்களிடம் பயன்படுத்திய 20 ஆய்வுகளை அவர் தொகுத்தார். கட்டுரை 2013-இல் வெளியானது.

இத்தகைய ஒப்பீட்டைச் சொல்ல ஒட்டுறவுக் கெழு என்ற எண்ணைப் பயன்படுத்துவார்கள். சோதனைப்படி குழந்தைகளை வரிசைப்படுத்தினாலும் படிவப்படி வரிசைப்படுத்தினாலும் ஒரே ஒழுங்கு வந்தால் அது 1-ஐ நெருங்கும். ஒன்றைத் தெரிந்துகொண்டு மற்றதைப் பற்றி எதுவுமே ஊகிக்க முடியாது என்றால் 0. அந்த 20 ஆய்வுகளிலும் இருந்த 286 ஒட்டுறவுகளில் 68 மட்டுமே, அதாவது 24 விழுக்காடு மட்டுமே, தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு இருந்தன. எல்லாவற்றின் இடைநிலை மதிப்பு 0.19. குழந்தைகளுக்கிடையே படிவம் காட்டும் வேறுபாட்டில் சுமார் நான்கு விழுக்காட்டைத்தான் சோதனை விளக்குகிறது என்று இதற்குப் பொருள்.

ஆக, நம் பையனின் அறிக்கை விதிவிலக்கு அல்ல. இரண்டு பக்கமும் ஒத்துப்போயிருந்தால்தான் ஆச்சரியம்.

யாருடைய செயலாட்சி?

முதல் காரணத்தைக் காணச் சோதனை அறையைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பதை உளவியலாளர் சொல்கிறார். எப்போது தொடங்குவது என்பதையும் அவரே சொல்கிறார். தேவையான பொருள்கள் மேசையில் தயாராக இருக்கின்றன. டிவி இல்லை, தம்பி இல்லை, ஜன்னலுக்கு வெளியே கிரிக்கெட் இல்லை. எதிரே ஒரு பெரியவர் முழுக் கவனத்துடன் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு பணியும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. நோக்கத்தை வகுப்பது, தொடங்குவது, கவனச்சிதறலை விலக்குவது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுப்பது எல்லாம் செயலாட்சியின் வேலைகள். அவற்றை இந்த அறையில் உளவியலாளரே செய்துவிடுகிறார். எஞ்சியிருக்கும் சின்னப் பகுதியைத்தான் பையன் செய்கிறான்.

மாலை ஆறு மணிக்கு வீட்டில் நிலைமை தலைகீழ். தொடங்கு என்று யாரும் சொல்வதில்லை. நோட்டு எங்கே என்று அவன்தான் தேட வேண்டும். கணக்கு முதலா தமிழ் முதலா என்று அவன்தான் தீர்மானிக்க வேண்டும். வரைபடத்தின் நினைவு திங்கள் முதல் வியாழன் வரை, இடையில் நடந்த நூறு விஷயங்களைத் தாண்டி, அவனுக்குள் உயிரோடு இருக்க வேண்டும்.

உளவியலாளர் லீ கிரான்பாக் 1949-இலேயே இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டினார்: ஒருவரால் அதிகபட்சம் என்ன முடியும் என்பது ஒன்று, வழக்கமாக என்ன செய்கிறார் என்பது மற்றொன்று. ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டு போட்டவர், நெரிசலான சாலையில் எப்படி வண்டி ஓட்டுவார் என்பதை அந்த எட்டு சொல்வதில்லை. சோதனை முதலாவதையும் படிவம் இரண்டாவதையும் அளக்கின்றன என்பதே டோப்லக் குழுவினரின் முடிவும்.

இதை அழுத்தமாகக் காட்டிய ஓர் ஆய்வு பெரியவர்களைப் பற்றியது. கோபுரச் சோதனையை உருவாக்கிய அதே ஷாலிஸ், பால் பர்ஜஸுடன் சேர்ந்து 1991-இல் வெளியிட்டது. மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்ட மூன்று பேர். வழக்கமான சோதனைகளில் பெரும்பாலும் நன்றாகவே செய்தார்கள், ஆனால் அன்றாட வாழ்க்கையை நடத்த முடியவில்லை. ஆய்வாளர்கள் அவர்களைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனார்கள். சில பொருள்கள் வாங்க வேண்டும், சில தகவல்களைத் திரட்ட வேண்டும், குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் நிற்க வேண்டும், சில விதிகளை மீறக் கூடாது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் எளிய வேலைகள். வரிசைப்படுத்தி நடத்தும் பொறுப்பு அவர்கள் தலையில் விழுந்ததும் தடுமாற்றம் வெளியே வந்தது.

குழந்தைகளுக்கும் இது பொருந்தும் என்பதை அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்-5 ஒப்புக்கொள்கிறது. புதிய இடத்தில், நெருக்கமான மேற்பார்வையில், ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது ஏ.டி.எச்.டி.யின் அறிகுறிகள் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம் என்கிறது அது. பரிசோதனை அறை என்பது அதுதானே?

சோதனைகளின் சொந்தக் குறை

முரண்பாட்டுக்கு இது மட்டும் காரணமல்ல. சோதனைகள் நாம் நினைக்கும் அளவுக்குத் துல்லியமானவையும் அல்ல. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் ஹெட்ஜும் சக ஆய்வாளர்களும், ஸ்ட்ரூப் உள்ளிட்ட புகழ்பெற்ற பல சோதனைகளைப் பெரியவர்களிடம் மூன்று வார இடைவெளியில் இருமுறை நடத்தி, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் உள்ள ஒட்டுறவு, அளவைப் பொறுத்து, 0 முதல் 0.82 வரை சிதறிக் கிடந்தது. பலவற்றில் அது எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஒரே ஆளை இருமுறை அளந்தாலே இவ்வளவு வேறுபாடு.

காரணம் விசித்திரமானது. ஸ்ட்ரூப் சோதனை புகழ்பெற்றதே அதில் ஏறத்தாழ எல்லோரும் ஒரே மாதிரி தடுமாறுவதால்தான். எல்லோரும் ஒரே மாதிரி என்றால், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு சிறிது. மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்று கண்டறிய அது அருமையான கருவி. இந்தப் பையன் அந்தப் பையனைவிட எவ்வளவு பின்தங்கியவன் என்று சொல்ல அதே கருவி தடுமாறுகிறது.

இன்னொன்று: எந்தச் சோதனையும் செயலாட்சியை மட்டும் தனியாக அளப்பதில்லை. ஸ்ட்ரூபில் வாசிப்பு வேகமும் கலந்திருக்கிறது. கோபுரத்தில் இடவமைப்பைப் புரிந்துகொள்ளும் திறன் கலந்திருக்கிறது. இன்னும் வாசிக்கவே தொடங்காத குழந்தைக்கு ஸ்ட்ரூபில் சொல் குறுக்கிடுவதே குறைவு. அவனுடைய நல்ல மதிப்பெண்ணுக்கு மன அடக்கம் காரணமாக இல்லாமலே போகலாம்.

நிரப்பும் கையின் குறை

படிவத்தை நிரப்புவது ஒரு மனிதர். அவர் பார்த்ததைத்தான் எழுத முடியும். தாமஸ் ஆக்கன்பாக் 1987-இல் 119 ஆய்வுகளைத் தொகுத்தபோது, குழந்தையின் நடத்தைச் சிக்கல்களைப் பற்றி அம்மாவும் அப்பாவும் சொல்வதற்கு இடையிலான ஒட்டுறவு சராசரியாக 0.60 என்று கண்டார். பெற்றோர், ஆசிரியர் போல வேறு வேறு இடங்களில் குழந்தையைப் பார்ப்பவர்களுக்கு இடையில் அது 0.28 மட்டுமே. படிவமும் படிவமுமே இப்படி விலகி நிற்கும்போது, படிவம் சோதனையோடு விலகுவதில் வியப்பில்லை.

பார்ப்பவரின் மனச்சாய்வும் உண்டு. ஹோவர்ட் அபிகாஃப் குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை நடிகர்கள் நடித்த வகுப்பறைக் காட்சிகளை ஆசிரியர்களுக்குத் திரையிட்டார்கள். ஒரு காட்சியில் குழந்தை எதிர்த்துப் பேசி அடம்பிடித்தது, ஆனால் துறுதுறுப்போ கவனச்சிதறலோ இல்லை. இருந்தும் பார்த்த ஆசிரியர்கள் அந்தக் குழந்தைக்குத் துறுதுறுப்பிலும் கவனமின்மையிலும் அதிக மதிப்பெண் போட்டார்கள். ஒரு குணத்தின் எரிச்சல் மற்ற கட்டங்களிலும் கசிந்துவிட்டது. இந்தக் கசிவு எதிர்த்திசையில் நடக்கவில்லை: துறுதுறுப்பை மட்டும் காட்டிய குழந்தையை அடம்பிடிப்பவன் என்று அவர்கள் குறிக்கவில்லை.

தமிழ்ப் பெற்றோர் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்றும் இதில் உண்டு. பிரீஃப் படிவத்தின் 50 என்ற சராசரி அமெரிக்கக் குழந்தைகளை வைத்து வகுக்கப்பட்டது. கூற்றுகளை வாய்மொழியாகத் தமிழில் சொல்லி நிரப்பினாலும் ஒப்பீடு அவர்களோடுதான் நடக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளையின் பையை அடுக்கித் தருவது அம்மாவின் கடமை என்று நினைக்கும் வீட்டில், அவன் பையை அடுக்குவதில் சிக்கல் உண்டா என்ற கேள்விக்கு வரும் விடை வேறு அளவுகோலில் பிறக்கிறது. எனவே 65 என்ற கோட்டை இங்கே கண்டிப்பான எல்லையாகக் கொள்ள முடியாது. எந்தக் கூற்றுக்கு 'அடிக்கடி' என்று குறித்திருக்கிறார்கள் என்பது எண்ணைவிட அதிகம் சொல்லும்.

முரண்பாட்டைப் படிப்பது

இப்போது நம் பையனின் அறிக்கையைத் திறப்போம். எண் வரிசையில் அவன் பெற்றது 11. அந்தச் சோதனையில் 10-தான் சராசரி. கோபுரமும் ஸ்ட்ரூபும் வயதுக்கேற்ற எல்லைக்குள் இருக்கின்றன. அம்மாவின் படிவத்தில் செயல்நினைவு 72, திட்டமிடுதல் 70, உணர்ச்சிக் கட்டுப்பாடு 52. ஆசிரியையின் படிவத்தில் முறையே 65, 61, 49.

அனுபவமுள்ளவர் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கமாட்டார். முதலில் படிவத்தைச் சந்தேகிப்பார். அம்மா எரிச்சலில் எல்லாவற்றையும் ஏற்றிக் குறித்தாரா? அப்படியானால் உணர்ச்சிக் கட்டுப்பாடும் ஏறியிருக்க வேண்டும், ஆனால் அது சராசரியில் நிற்கிறது. மிகையான எதிர்மறை விடைகளையும் ஒன்றுக்கொன்று முரணான விடைகளையும் கண்டுபிடிக்கும் சரிபார்ப்புக் கணக்கு படிவத்திலேயே உண்டு; அதிலும் சிக்கல் இல்லை. ஆசிரியையின் எண்கள் குறைவு என்றாலும் ஏற்ற இறக்கத்தின் வடிவம் ஒன்றுதான். இருவரும் ஒரே பையனைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்து, ஆசிரியையின் எண் ஏன் குறைவு? வகுப்பில் மணி அடிக்கிறது, கால அட்டவணை இருக்கிறது, "நோட்டை எடு" என்று குரல் வருகிறது. வீட்டில் இவை இல்லை. சோதனை அறை, வகுப்பறை, வீடு என்று வெளியிலிருந்து கிடைக்கும் ஒழுங்கு குறையக் குறைய அவன் தடுமாற்றம் கூடுகிறது. மூன்று முடிவுகளும் ஒன்றோடொன்று மோதவில்லை. ஒரே கோட்டில் மூன்று புள்ளிகளாக நிற்கின்றன.

இதை உறுதிசெய்ய வழி உண்டு. சோதனைகளுக்கு இடையிலான இடைவெளியில் என்ன செய்தான் என்று உளவியலாளர் தன் குறிப்பைப் பார்ப்பார்: அலமாரியைத் திறந்தானா, ஒவ்வொரு முறையும் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்ததா? பிறகு, கட்டுப்பாடு குறைந்த சோதனை ஒன்றைத் தருவார். பல சிறு வேலைகளைக் கொடுத்து, எல்லாவற்றையும் முடிக்க நேரம் போதாது, ஆனால் ஒவ்வொன்றிலும் கொஞ்சமாவது தொட்டிருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு விலகிக்கொள்வது அதன் வழி. நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பது குழந்தையின் பொறுப்பு. நம் பையன் முதல் வேலையில் மூழ்கி, நேரம் முடியும்வரை தலை தூக்காமல் இருந்தால், அம்மா வீட்டில் பார்ப்பதையே உளவியலாளரும் அறையில் பார்த்துவிட்டார்.

இதிலிருந்து செய்ய வேண்டியதும் தெளிவாகிறது. செயல்நினைவு அவனிடம் இருக்கிறது. வேண்டிய நேரத்தில் தானாக அதை இயக்குவதுதான் வரவில்லை. எண்களைத் திருப்பிச் சொல்லும் பயிற்சி வகுப்பு அவனுக்குப் பயன்படாது, ஏனென்றால் அதில் அவன் ஏற்கெனவே தேறியவன். வேலையைத் தொடங்கும் நேரத்தை நிலையாக்குவது, மூன்று கட்டளையை ஒன்றொன்றாகச் சொல்வது, பள்ளியை விட்டுக் கிளம்பும் முன் பார்க்க வேண்டிய பட்டியலைப் பைக்குள்ளேயே ஒட்டிவைப்பது போன்றவை அவனுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் செயலாட்சி. ஏ.டி.எச்.டி. இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரியும் அறிகுறிகளையும் வளர்ச்சி வரலாற்றையும் பார்க்க வேண்டும். சோதனைகள் சராசரி என்பதால் மட்டும் அதை மறுத்துவிட முடியாது. எரிக் வில்கட் குழுவினர் 2005-இல் 83 ஆய்வுகளைத் தொகுத்தபோதே, ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களிடமே எந்த ஒரு குறிப்பிட்ட செயலாட்சிச் சோதனையிலும் தெளிவான குறை தெரிந்தது என்று சொன்னார்கள்.

எதிர்த்திசையிலும் முரண்பாடு வரும். சோதனையில் பின்தங்கிய சிறுமிக்கு, படிவத்தில் எல்லாம் சராசரி என்றிருக்கலாம். அன்று அவள் பயந்திருந்தாளா, தூங்கவில்லையா, சோதனையின் மொழி அவளுக்குப் பழக்கமா என்று முதலில் கேட்க வேண்டும். அவையெல்லாம் இல்லை என்றால், அமைதியான குழந்தை என்பதால் பெரிய வகுப்பில் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம். அல்லது வீட்டில் பாட்டியோ அம்மாவோ எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்துவைப்பதால் குறை தெரியாமலிருக்கலாம். இந்தக் குறையை ஒதுக்கிவிடக் கூடாது. பல படிகள் கொண்ட கணக்கை மனத்தில் போடும்போது, நீண்ட பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ளும்போது, செயல்நினைவின் சிறிய அளவே தடையாக நிற்கும். வீட்டில் ஒழுங்காக இருக்கும் பிள்ளை கணக்கில் மட்டும் ஏன் திணறுகிறாள் என்ற புதிருக்கு விடை முதல் பக்கத்தில் இருக்கும்.

அறிக்கையைக் கையில் வாங்கும் பெற்றோர் எது சரி என்பதற்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேட்கலாம். சோதனையின்போது என் பிள்ளைக்கு எவ்வளவு உதவியும் நினைவூட்டலும் தேவைப்பட்டது? படிவத்தில் நாங்கள் 'அடிக்கடி' என்று குறித்தவை எல்லாம் எந்த நேரத்தில், எந்த இடத்தில் நடப்பவை? ஆசிரியர் குறித்தவற்றோடு அவை எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன? இந்த மூன்றுக்கும் விடை சொல்லாமல் இரண்டு பக்கங்களில் ஒன்றை மட்டும் நம்பச் சொல்லும் அறிக்கை இன்னும் முடியாத அறிக்கை. அதைத் திருப்பிக் கொடுத்து, உட்கார்ந்து பேசப் பெற்றோருக்கு உரிமை உண்டு.